திரும்பி வந்த பைண்டு புத்தகத்துக்குள் ஒரு டைரி: இந்தச் சிறுகதை ஏன் நிற்கவில்லை?

சோமேசுவரர் தெரு எழுதியது:

பெங்களூர் அல்சூரில் நடக்கிற ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். புத்தகக் கடை, பைண்டிங் இதெல்லாம் பழகியவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

மாணிக்கத்துக்கு எழுபத்தைந்து வயது. கடை வீதியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில் அது வாடகை நூல் நிலையம். வார இதழ்களில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வாடகைக்கு விடுவார்கள். மாணிக்கம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே உட்கார்ந்து தேதி முத்திரை குத்தியவர். ஒரு நாள் அறுபதைத் தாண்டிய ஒரு பெண் வருகிறார். அம்மா தவறிவிட்டார், வீட்டைக் காலி செய்கிறோம், இதில் உங்கள் கடை முத்திரை இருக்கிறது என்று ஒரு பைண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1968 நவம்பர். அன்று இரவு அவர் அதைப் பிரிக்கிறார்:

"விளக்கு வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறந்தார். பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிறிய டைரி நழுவி அவர் மடியில் விழுந்தது. முதல் பக்கத்தில் 1969 என்று இருந்தது."

டைரியை எழுதியது அந்தப் பெண்ணின் அம்மா சரோஜா. ஜாலஹள்ளி எச்.எம்.டி. வாட்ச் பேக்டரி வேலைக்கு வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குக் கடிதமும் வந்து, போவதா வேண்டாமா என்று தவிக்கிற சில மாதங்கள். மகளுக்கு அம்மா வேலைக்கு ஆசைப்பட்டதே தெரியாது. மாணிக்கம் டைரியை மகளிடம் கொடுக்கிறார். கதை முடிகிறது.

படித்த நண்பர்கள் இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: சரோஜாவை நம்ப முடிகிறது, டைரி கிடைத்த விதத்தை நம்ப முடியவில்லை. எங்கே இடிக்கிறது?

---

கலாசிபாளையம் குமார் எழுதியது:

கதைக்களம் ரொம்பப் பிடித்தது சார். எச்.எம்.டி.யை எடுத்தது நல்ல யோசனை. 1961-லேயே ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பித்த பேக்டரி. நிறையப் பெண்கள் வேலை பார்த்தார்கள். எங்கள் தெருவிலேயே அந்த பேக்டரி பஸ்ஸுக்காகக் காலையில் நின்ற அக்காக்களைப் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை, முதல் பக்கத்தில் 1969 என்று போடாதீர்கள். மாணிக்கமே கண்டுபிடிக்கட்டும். சரோஜா எழுதும் 'லை', 'னை' எல்லாம் பழைய துதிக்கை போட்ட எழுத்தாக இருக்கட்டும். எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-ல். அப்படியானால் டைரி 1978-க்கு முந்தியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஜூலையில் மனிதன் நிலாவில் இறங்கியதை ஒரு வரி எழுதிவிட்டால் வருஷம் உறுதி.

---

பழைய தாள் எழுதியது:

நான் அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் வாங்கி விற்றவன். அதற்கு முன்பு பைண்டிங் பட்டறையில் ஊசி பிடித்தவன். டைரி மடியில் விழுகிற இடத்தில்தான் எனக்கும் படிப்பது நின்றுபோனது.

ஒரு டைரிக்கு அட்டை உண்டு, தடிமன் உண்டு. அது உள்ளே இருந்தால் புத்தகம் மூடாது, வாய் பிளந்துகொண்டு நிற்கும். மகள் வீட்டிலேயே பார்த்திருப்பாள். அவள் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாழ்நாளெல்லாம் பழைய புத்தகம் வாங்கியவன் அதைக் கையில் வாங்கிய நொடியில் கண்டுபிடித்துவிடுவான். நாங்கள் புத்தகத்தை முதலில் திறப்பதே இல்லை. முதுகைப் பார்ப்போம், மூன்று ஓரங்களையும் பார்ப்போம், கட்டைவிரலால் ஓரத்தை விசிறிவிடுவோம். நடுவில் தாள் காணாமல் போயிருந்தாலும், வேறு தாள் சேர்ந்திருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும். விலை சொல்வது அதற்கு அப்புறம்தான்.

உங்கள் மாணிக்கம் பெயருக்குத்தான் புத்தகக் கடைக்காரராக இருக்கிறார். அந்த இடத்தில் ஒரு தபால்காரரை உட்கார வைத்தாலும் கதை அப்படியே நடக்கும். கண்டுபிடிப்பது அவர் கையாக இருக்க வேண்டும், அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

டைரியைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். தனி டைரி வேண்டாம், கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாள்கள் போதும். தொடர்கதைத் தாள்களோடு அவையும் ஒரே தையலில் இருக்கட்டும். இது நடக்கக்கூடியது. பைண்டுக்குக் கொடுக்கிறவர்கள் கோலம், சமையல் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நடுவில் வைத்துக் கொடுப்பார்கள். பைண்டர் படித்துப் பார்க்க மாட்டார், கட்டைத் தட்டி நேராக்கித் தைத்துவிடுவார்.

---

மாட்டுங்கா மணி எழுதியது:

பழைய டைரியைப் பாதுகாப்பது பற்றி நானும் கேட்க நினைத்தேன். மும்பையில் எங்கள் வீட்டில் அப்பாவின் டைரி இருக்கிறது. ரயில்வேயில் இருந்தவர். ஒரு பெரிய அகராதிக்குள் வைத்திருந்தார், அவர் போன பிறகு ஒரு உறவினர் அதை எடுத்துக் கொடுத்தார். ராமபாணப் பூச்சி ஓரமெல்லாம் அரித்துவிட்டது. சில பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்துருண்டை போட்டு வைத்தால் போதுமா? செலோடேப் போடலாமா?

---

பழைய தாள் எழுதியது:

மணி சார், இங்கே பேச்சு கதையைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். செலோடேப் மட்டும் வேண்டாம். சில வருஷத்தில் பழுப்பாகி, கோந்து தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. ஒட்டிய பக்கங்களை இழுக்காதீர்கள். ஈரமில்லாத அலமாரியில் நிமிர்த்தாமல் படுக்க வைத்து, அடிக்கடி எடுத்துப் பாருங்கள். பூச்சி அமைதியான இடத்தில்தான் பெருகும்.

---

ஜெயநகர் வெண்ணிலா எழுதியது:

சேர்த்துத் தைத்தால் இதைவிடப் பெரிய ஓட்டை விழுகிறதே. அது வாடகைப் புத்தகம். தேதிச் சீட்டு நிறைய முத்திரை இருக்கும். சரோஜாவின் தாள்கள் உள்ளே தைத்திருந்தால் அதை எடுத்துப்போன அல்சூர்க்காரர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். மறந்துபோன டைரி என்று எப்படிச் சொல்வது? பக்கத்துத் தெருவே படித்த டைரியாகிவிடும். அந்தக் கதை வேறு, அதையும் யாராவது எழுதலாம். ஆனால் இந்தக் கதை அதுவல்ல.

இன்னொன்று. சரோஜா ஏன் அதை மறைத்தாள், யாரிடமிருந்து மறைத்தாள் என்று ஆசிரியர் யோசித்த மாதிரி தெரியவில்லை. எரித்திருக்கலாமே? வைத்துக்கொள்ளவும் வேண்டும், யாரும் பார்க்கவும் கூடாது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இப்போதைக்கு அவள் எழுதியது மாணிக்கம் கண்டுபிடிப்பதற்காகத்தான் என்பது போல இருக்கிறது.

---

பழைய தாள் எழுதியது:

வெண்ணிலா அம்மா கேட்டது சரியான கேள்வி. வழி இருக்கிறது: புத்தகம் இரண்டு முறை பைண்டு ஆகியிருக்கட்டும்.

முதல் பைண்டு நூல் நிலையம் போட்டது. 1968 நவம்பரில் சரோஜா எடுத்துப் போகிறாள், திருப்பித் தரவே இல்லை. அடுத்த வருஷம் அவளாகவே அதை வேறொரு பட்டறையில் கொடுத்து, தன் நோட்டுத் தாள்களையும் சேர்த்து மறுபடி பைண்டு செய்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை அவளைத் தவிர யாரும் தொடவில்லை. வெளியே பார்த்தால் ஒரு தொடர்கதை. அவள் வீட்டில் தொடர்கதை படிக்கிறவள் அவள் ஒருத்திதான். மறைத்து வைக்க அந்த வீட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதை மாணிக்கம் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மறு பைண்டு தன்னை மறைத்துக்கொள்ளாது.

வார இதழில் நடுவில் பின் அடித்திருப்பார்கள். பின்னைக் கழற்றினால் வருகிற தாளில் ஒரு பாதியில் நம் தொடர் இருக்கும், மறு பாதியில் வேறு ஏதாவது இருக்கும். அதனால் நடுவில் வெட்டி ஒற்றைத் தாளாக்கித்தான் அடுக்குவோம். ஒற்றைத் தாளை மடிப்பில் தைக்க முடியாது. முதுகிலிருந்து விரற்கடை உள்ளே தள்ளித் துளை போட்டு, மேலிருந்து கீழாகப் பக்கத் தையல் போடுவோம். மறுபடி பைண்டு செய்யும்போது பழைய நூலை அறுத்துப் புதுத் துளை போடுவார்கள். பழைய துளைகள் அப்படியே இருக்கும். பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விரித்துப் பார்த்தால் தையல் ஓரத்தில் இரண்டு வரிசைத் துளைகள் தெரியும். தொடர்கதைத் தாளில் இரண்டு வரிசை இருக்கும், சரோஜாவின் நோட்டுத் தாளில் ஒன்றுதான் இருக்கும். நூல் நிலையம் பைண்டு போட்டபோது இந்தத் தாள்கள் உள்ளே இல்லை என்பதற்கு மாணிக்கத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது வெட்டு. தைத்து முடித்ததும் மூன்று ஓரத்தையும் கட்டிங்கில் கொடுத்து நேராக்குவார்கள். இரண்டாம் முறையும் வெட்டினால் ஓரம் இன்னும் குறையும். பக்க எண் அறுபட்டிருந்தால் கடைக்காரன் உடனே சொல்வான், இது மறு பைண்டு என்று.

கடைசியாகத் தேதிச் சீட்டு. பழைய அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டு, புது அட்டை போட்டால் போய்விட வேண்டும். ஆனால் மகள் அதைப் பார்த்துத்தான் கடைக்கு வருகிறாள். அப்படியானால் சரோஜா அந்தச் சீட்டை ஈரம் தொட்டு உரித்தெடுத்துப் புது அட்டைக்குள் ஒட்டியிருக்கிறாள். மைதா பசை தண்ணீரில் இளகிவிடும், வீட்டிலேயே செய்யலாம். பழுத்த சீட்டு, அதற்கடியில் அதைவிட வெள்ளையான ஒட்டுத்தாள். இந்தப் புத்தகம் ஒரு நாள் கடைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அவள் நினைத்தாளா? அதை நான் சொல்லக் கூடாது, கதை எழுதுகிறவர் சொல்ல வேண்டும்.

---

சோமேசுவரர் தெரு எழுதியது:

ஐயா, நூல் நிலையத்துச் சீட்டை அவள் உரித்து ஒட்டினாள் என்பது என் கதையையே திருப்பிவிட்டது. நன்றி. ஒரு சந்தேகம். நோட்டுத் தாள் வார இதழ்த் தாளைவிடச் சின்னது. எப்படிச் சேரும்?

---

பழைய தாள் எழுதியது:

முதுகுப் பக்கமும் அடிப் பக்கமும் சேர்த்துத் தட்டி நேராக்குவோம். அதனால் சின்னத் தாளுக்கு மேல் ஓரமும் வெளி ஓரமும் உள்ளே ஒதுங்கி நிற்கும், கத்தி படாது. அடி ஓரம் மட்டும் மற்றதோடு சேர்ந்து வெட்டுப்படும். வெளி ஓரத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். நான் முன்பு சொன்னேனே, கட்டைவிரலால் விசிறிவிடுவோம் என்று. விரல் அந்தப் பள்ளத்தில் இறங்கி நிற்கும்.

அடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். வார இதழ்த் தாள் மட்டமானது, பழுப்பேறிவிடும். நோட்டுத் தாள் அவ்வளவு பழுக்காது. பழுப்புக்கு நடுவில் வெளிறிய ஒரு பட்டை.

அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சின்னத் தாளைக் கொடுத்தால் பைண்டர் தானாகக் கடைசியில்தான் வைப்பார், நடுவில் வைத்தால் கட்டு தொய்யும். நடுவில் இருந்தால், அங்கேதான் வேண்டும் என்று யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

---

தில்லி ராகவி எழுதியது:

நான் தில்லியில் ஒரு நூலகத்தில் பழைய கையெழுத்துக் காகிதங்களுக்குப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறேன். குமார் சொன்ன எழுத்து விஷயத்தில் பாதி சரி. 1978 அரசாணை அச்சுக்கும் பாடநூலுக்கும் வழி காட்டியது. கையெழுத்து அப்படி ஒரு நாளில் மாறாது. பழைய 'லை' கற்றவர்கள் பல வருஷம் கழித்தும் அதைத்தான் எழுதினார்கள், என் அத்தை இன்றும் எழுதுகிறார். துதிக்கை போட்ட எழுத்து, எழுதியவர் எப்போது பள்ளிக்குப் போனார் என்பதைத்தான் சொல்லும். எழுதிய வருஷத்தைச் சொல்லாது.

திருப்பிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. பெரியார் 1935-லேயே குடிஅரசில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். 1969 டைரியில் சரோஜா புது 'லை' எழுதியிருந்தால் அவள் பிறந்த வீட்டில் அந்தப் பத்திரிகைகள் வந்தன என்று அர்த்தம். கணவன் வீட்டில் அப்படி இல்லை என்று வையுங்கள். ஒரே ஓர் எழுத்தை வைத்து அவளுடைய அப்பாவை மாணிக்கம் தெரிந்துகொள்வார்.

நிலாவில் இறங்கியதைத் தயவுசெய்து போடாதீர்கள். பார்த்த நாட்குறிப்புகளில் நான் கண்டது, மக்கள் அன்றாடம் எழுதுவது யார் வந்தார்கள், என்ன செலவு, யாருக்குக் காய்ச்சல். நாட்டு நடப்பு வீட்டுக்குள் வந்தால்தான் எழுதுவார்கள். வருஷத்தைக் காட்ட நாள், கிழமையே போதும். ஒரு வழி சொல்கிறேன். சரோஜா தேதியே போடுவதில்லை. ஓர் இடத்தில் 'இன்றோடு ஆடி வெள்ளி முடிந்தது, குழந்தை பள்ளியில் கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்தாள்' என்று எழுதுகிறாள். ஆடி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். கடைசி ஆடி வெள்ளியும் சுதந்திர தினமும் ஒரே நாள் என்றால் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. அந்தக் காலத்தையொட்டி அப்படி வந்த வருஷங்கள் 1958, 1969, 1975, 1980, 1986. கடைசி முத்திரை 1968 நவம்பர் என்பதால் முதலாவது போய்விடும். மகளுக்கு இப்போது அறுபதைத் தாண்டிய வயது. கொடியேற்றிய மிட்டாயோடு ஓடி வருகிற சின்னக் குழந்தை என்றால் 1969-தான் நன்றாகப் பொருந்தும். மாணிக்கம் விரல் விட்டு எண்ணியே வந்துவிடுவார்.

---

கலாசிபாளையம் குமார் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் மேடம். ஆனால் கணவர் பேங்க்கில் வேலை செய்தால்? 1969 ஜூலை 19 சனிக்கிழமை, 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள். அன்று இரவு இந்திரா காந்தி ரேடியோவில் பேசினார். இது வீட்டுக்குள் வருகிற விஷயம்தானே?

---

தில்லி ராகவி எழுதியது:

வரும். ஆனால் '14 வங்கிகள்' என்று அவள் எழுத மாட்டாள். அவர் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை, இனி சம்பளம் ஏறுமா, வேறு ஊருக்கு மாற்றுவார்களா என்று அவளிடமே கேட்டார், அவ்வளவுதான். மாற்றல் வந்தால் எச்.எம்.டி. கனவு போச்சு என்று அவள் நினைப்பாள். அப்போது அந்தச் செய்தி கதைக்குள் வேலை செய்யும்.

நூல் நிலைய முத்திரையில் 'பெங்களூர்-8' என்று போடுங்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதற்கு முன்பு அல்சூர் பெங்களூர்-8 தான். இப்போதும் 560008.

---

சோமேசுவரர் தெரு எழுதியது:

திருத்தி எழுதிய பகுதி:

"அந்த அம்மாள் படியிறங்கிப் போன பிறகு மாணிக்கம் புத்தகத்தைக் கையில் எடுத்தார். முதுகில் ஒட்டிய காலிகோத் துணி பச்சை. நம் கடையில் எப்போதும் சிவப்புத்தான் போடுவோம், அப்பா வேறு நிறத்துக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. வெளி ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறினார். பாதி வழியில் விரல் உள்ளே இறங்கி நின்றது. புத்தகத்தைக் கவிழ்த்து அடி ஓரத்தைப் பார்த்தார். வெள்ளையாக ஒரு பட்டை. திறக்கவில்லை. முதலில் பின் அட்டையைத் திருப்பித் தேதிச் சீட்டைத் தடவினார். சீட்டு நம்முடையது. கடைசி முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது. சாய்த்துக் குத்தாதே என்று அப்பா திட்டியது இவரைத்தான். சீட்டு ஒட்டியிருந்த தாள் நம்முடையது அல்ல."

மாணிக்கம் பதினெட்டு வயதில் சரோஜாவுக்கு முத்திரை குத்திக் கொடுத்தவர். முகம் ஞாபகமில்லை. பேரேட்டில் உறுப்பினர் எண்ணை வைத்துத் தேடுகிறார், பெயர் கிடைக்கிறது. இதுவரை சரிதானா?

---

ஜெயநகர் வெண்ணிலா எழுதியது:

இது நன்றாக இருக்கிறது. சாய்ந்த முத்திரையில் அவரும் அந்தக் கதைக்குள் வந்துவிட்டார். 'திறக்கவில்லை' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அவர் திறக்காததை வாசகர்களே பார்க்கிறார்கள்.

சரோஜாவைப் பற்றி ஒன்று. அவள் வேலைக்குப் போனாளா இல்லையா என்பதை டைரி முழுக்கச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. மகளுக்குத் தெரிந்த அம்மா கடைசி வரை வீட்டில் இருந்தவள். ஆனால் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு நின்றிருக்கலாம், நேர்காணலுக்கு மட்டும் போயிருக்கலாம், வாசல் வரை போய்த் திரும்பியிருக்கலாம். இந்த மூன்றும் ஒன்றல்ல. ஜாலஹள்ளி அல்சூரிலிருந்து பக்கமும் இல்லை, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பகல் முழுக்கப் போய்வர வேண்டும். குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் கதையில் எங்கே?

---

பழைய தாள் எழுதியது:

கடைசி வரியை மறைக்க உங்களுக்குக் கத்தியே உதவும். அடி ஓரம் மட்டும் வெட்டுப்படும் என்று சொன்னேன் அல்லவா. பட்டறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் எடுப்போம், அதற்கு மேல் எடுத்தால் கட்டு கோணிப்போயிருக்கிறது என்று அர்த்தம். நோட்டில் கடைசிக் கோட்டுக்குக் கீழே இடம் விட்டிருப்பார்கள், அதனால் ஒழுங்காக எழுதினவளுக்கு ஒன்றும் போகாது. தாளை மிச்சம் பிடிக்க அடி ஓரம் வரை எழுதினவளுக்கு மட்டும் கடைசி வரியின் அடிப்பகுதி போகும்.

முழு வரியும் போகாது, எழுத்துக்களின் கால்கள்தான் போகும். அப்படி அறுபட்டால் 'பு' வெறும் 'ப' மாதிரி நிற்கும், 'வு' வெறும் 'வ' ஆகிவிடும். 'அடுப்பில் புகை' என்று அவள் எழுதியதா, 'வீட்டில் பகை' என்று எழுதியதா என்று பக்கத்துச் சொல்லை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாணிக்கம் அப்படி ஊகித்துப் படிக்கட்டும். சில இடத்தில் அவர் ஊகம் சரியாக இருக்கும், சில இடத்தில் தெரியாமலே போகும். ஆனால் எல்லாப் பக்கத்திலும் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சரியாக முக்கியமான சொல்லே அறுபட்டால், அது கத்தி செய்த வேலை இல்லை, கதாசிரியர் செய்த வேலை என்று தெரிந்துவிடும்.

---

சோமேசுவரர் தெரு எழுதியது:

ஒரே ஒரு பக்கம், நேர்காணல் நாள் எழுதிய பக்கம் மட்டும் அப்படி வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கொண்டுவருகிறேன், வெண்ணிலா சொன்னது போல அவள் இல்லாமல் அந்த நாள் நடக்காது.

முடிவுதான் இன்னும் கைக்கு வரவில்லை. நோட்டுத் தாள்களை மட்டும் பிரித்து மகளிடம் கொடுக்கிறார் என்று வைக்கலாமா? புத்தகம் கடைக்குச் சொந்தம், டைரி அவளுக்குச் சொந்தம்.

---

பழைய தாள் எழுதியது:

பிரிக்கலாம், ஆனால் என்ன ஆகும் என்று தெரிந்து எழுதுங்கள். பக்கத் தையலில் ஒரு நூல்தான் முழுக் கட்டையும் பிடித்திருக்கிறது. நடுவிலிருந்து சில தாளை மட்டும் உருவ முடியாது. காலிகோவை உரித்து, நூலை அறுத்தால் தொடர்கதை முழுக்க ஒற்றை ஒற்றைத் தாளாகக் கையில் வரும். பழுத்த தாள், துளை வரிசை இரண்டு, மூன்றாம் முறை தைத்தால் ஓரம் தாங்காமல் கிழியும். பிளேடால் தையல் ஓரமாக அறுத்து எடுத்தால் புத்தகம் பிழைக்கும், ஆனால் டைரித் தாளின் ஒரு பக்கத்தில் வரிகளின் ஆரம்பமும் மறு பக்கத்தில் வரிகளின் முடிவும் தையலுக்குள் மாட்டியிருக்கும், அது போய்விடும். அவள் எழுதிய பிறகு தைத்தது அல்லவா, எழுத்து உள்ளே வரை ஓடியிருக்கும். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது சேதம். நானாக இருந்தால் பிரிக்க மாட்டேன், முழுதாகக் கொடுப்பேன்.

---

கலாசிபாளையம் குமார் எழுதியது:

முழுதாகக் கொடுத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால்? மகள் தானே கண்டுபிடிக்கட்டும்.

---

ஜெயநகர் வெண்ணிலா எழுதியது:

கண்டுபிடிக்க மாட்டாள். இவ்வளவு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் திறக்கவில்லை. வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தான் முழுக்கப் படித்தேன் என்பதை மாணிக்கம் சொல்லக் கூடாது. மகளுக்கு முன்பே ஒரு வெளி ஆள் தன் அம்மாவைத் தெரிந்துகொண்டான் என்பது அவளுக்கு ஒரு நஷ்டம். அதை அவள் தலையில் இவர் சுமத்த வேண்டியதில்லை.

---

மாட்டுங்கா மணி எழுதியது:

இந்த இடத்தில் எனக்கு வேறு அனுபவம். அப்பா டைரியை எடுத்துக் கொடுத்த உறவினர், முதலிலேயே சொல்லிவிட்டார், நான் படித்துவிட்டேன் என்று. எனக்குக் கோபம் வந்தது, சில மாதம் அவரோடு பேசவில்லை. அப்புறம் பக்கங்கள் அரித்துப்போன இடத்தில் என்ன இருந்தது என்று கேட்க எனக்கு அவரைத் தவிர யாரும் இல்லை. பூச்சி அரிக்கும் முன்பே அவர் படித்திருந்தார். அப்பா வேறு யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்து உதவிய விஷயம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் கதையிலும் ஒரு வரி அறுபட்டிருக்கிறது. மாணிக்கம் படித்ததை மறைத்தால் அந்த வரியைப் பற்றி மகள் யாரிடம் கேட்பாள்?

---

ஜெயநகர் வெண்ணிலா எழுதியது:

மணி சார், உங்களுக்கு நடந்தது நடந்ததுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் உறவினர் அரிக்காத பக்கத்தைப் படித்தவர். மாணிக்கம் படித்ததும் அதே அறுபட்ட வரியைத்தான். அவரிடம் இருப்பது ஊகம். அந்த ஊகத்தை மகளிடம் சொல்வதும் அவளுக்காக அவளுடைய அம்மாவை முடிவு செய்வதுதான். நான் இன்னும் என் பக்கமே நிற்கிறேன்.

---

தில்லி ராகவி எழுதியது:

இரண்டையும் வைக்க ஒரு இடம் தெரிகிறது. பேரேட்டில் சரோஜாவின் பெயருக்கு நேராக அந்தப் புத்தகம் இன்னும் வராத கணக்கில் இருக்கும் அல்லவா? மாணிக்கம் முதலில் அதை அடிக்கட்டும். பிறகு புத்தகத்தை மகளுக்கு விலையில்லாமல் திருப்பிக் கொடுக்கட்டும், எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டட்டும். நீங்கள் படித்தீர்களா என்று அவள் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கேட்காவிட்டால் அவராகச் சொல்ல வேண்டாம். அவள் கேட்கிறவளா, கேட்காதவளா என்பது நீங்கள் அந்தப் பெண்ணை எப்படி எழுதப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இப்போதைக்கு அவளைப் பற்றி வயது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

---

சோமேசுவரர் தெரு எழுதியது:

அவள் முதல் காட்சியில் ஒரு நிமிஷம்தான் வருகிறாள், பேசுவதும் இரண்டு வாக்கியம். அதனால்தான் முடிவு கைக்கு வரவில்லை என்று இப்போது தெரிகிறது. முதல் காட்சியை அவளுக்காகத் திரும்ப எழுதப் போகிறேன். சீட்டில் முத்திரை பார்த்ததும் பழைய பேப்பருக்குப் போடாமல், வீடு காலி செய்கிற அலைச்சலிலும் கடையைத் தேடி வந்தவள் அவள். அப்படிப்பட்டவள் கேட்பாள் என்றுதான் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. மணி சார் பக்கம் சாய்கிறேன், வெண்ணிலா அடுத்த வரைவைப் படித்துவிட்டுச் சண்டை போடலாம்.

பழைய தாள் ஐயா, கடைசியாக ஒன்று. 1969-ல் பெங்களூர்ப் பட்டறையில் பசையில் பூச்சிக்கு என்ன போடுவீர்கள்? புத்தகத்தைத் திறந்ததும் மாணிக்கத்துக்கு ஏதாவது வாசனை வருமா?

---

பழைய தாள் எழுதியது:

மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் பொடித்துப் போடுவோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதற்கு வாசனை இருக்காது. முதுகு ஓரத்தில் லேசாகப் பச்சை படிந்திருக்கலாம், அதை எழுதுங்கள். வாசனை என்று எழுதினால் தாளின் பழுப்பு வாசனை மட்டும் எழுதுங்கள், அதுவும் தொடர்கதைப் பக்கங்களில்தான் தூக்கலாக இருக்கும்.